விண்டோயிங்கா, கிளாஹேயா: தலை சி.டி.யில் எதை நம்பலாம்?

பக்கவாத அறிகுறிகளோடு வருபவருக்கு முதலில் எடுப்பது தலை சி.டி. ரத்தம் கசிந்திருந்தால் அதிலேயே பளிச்சென்று தெரிந்துவிடும். சிக்கல், ரத்தக்குழாய் அடைத்துக்கொண்ட முதல் சில மணி நேரத்தில்தான். அப்போது மூளைத் திசுவின் அடர்த்தி மிகக் கொஞ்சமாகவே குறைந்திருக்கும். அந்தக் கொஞ்சத்தைக் கண்ணுக்குக் காட்ட இரண்டு வழிகள் உண்டு: ஒன்று, தேர்ந்த அடர்த்தி வீச்சை மட்டும் திரையில் விரித்துக் காட்டும் விண்டோயிங், மற்றது இடத்துக்கு இடம் கான்ட்ராஸ்ட்டை மாற்றும் அடாப்டிவ் முறைகள். இரண்டாவதில் பெயர் பெற்றது கிளாஹே. இரண்டுமே படத்தைத் தெளிவாக்குபவைதானே என்று ஒரே தட்டில் வைத்துப் பேசுவதைப் பார்க்கிறேன். அது தவறு. நோயைக் கண்டறியும் இடத்தில் இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

சி.டி.யில் ஒவ்வொரு பிக்சலும் ஓர் அளவீடு. அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் தண்ணீர் 0, காற்று −1000. மூளையின் சாம்பல் பொருள் ஏறத்தாழ 37, வெண்பொருள் 29, புதிதாகக் கசிந்த ரத்தம் 50 முதல் 80 வரை. மண்டையோடு பல நூறுகளுக்கு மேலே போகும். மூலக் கோப்பு வழக்கமாக 12 பிட், அதாவது 4096 படிகள். சாதாரணத் திரையில் தெரிவதோ 256 சாம்பல் படிகள்தான். அதனால் எந்தப் பகுதியைத் திரைக்குக் கொண்டுவருவது என்று யாராவது முடிவு செய்தே ஆக வேண்டும். விண்டோயிங் அந்த முடிவை மருத்துவரின் கையில் கொடுக்கிறது:

```
g = 255 * (HU - (L - W/2)) / W
# 0-க்குக் கீழே போனால் 0, 255-ஐத் தாண்டினால் 255
```

W என்பது விண்டோவின் அகலம், L அதன் மையம். எலும்புக்கான W 2000, L 500 வைத்தால் சாம்பல் பொருள் 68ஆம் படியிலும் வெண்பொருள் 67ஆம் படியிலும் விழும். ஒரே ஒரு படி வித்தியாசம், எந்தக் கண்ணும் பிடிக்காது. மூளைக்கான W 80, L 40 வைத்தால் அதே இரண்டும் 118, 92. இன்னும் இறுக்கி W 40, L 35 என்றால் 140, 89. அடைப்பால் சாம்பல் பொருள் 37இலிருந்து 32க்கு இறங்கியிருந்தால் இந்தக் குறுகிய விண்டோவில் அது 108ஆக இருக்கும். 140க்கும் 108க்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குப் பிடிபடும். இப்படித் திரையில் விண்டோவைக் குறுக்கிப் பார்த்தால் ஆரம்பநிலைப் பக்கவாதம் கூடுதலாகப் பிடிபடுகிறது என்று 1999இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நோயாளிகள் எண்ணிக்கை சிறியதுதான் என்றாலும், கண்டுபிடிப்பு விகிதம் 57 சதவீதத்திலிருந்து 71க்கு உயர்ந்தது.

இதற்கும் ஒரு விலை உண்டு. மண்டையோட்டை ஒட்டி மெல்லிய ரத்தக்கட்டு 70இல் இருந்தால், W 40 விண்டோவில் அதுவும் எலும்பும் ஒரே வெள்ளை. W 80இலும் அது 223ஆக இருக்கும், எலும்போடு ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். W 200, L 75க்கு மாற்றினால் ரத்தம் 121இல் நிற்கும், எலும்பு 255இலேயே இருக்கும், இடையில் கோடு தெரியும். ஆக ஒரே விண்டோவில் எல்லாம் தெரியாது, திருப்பித் திருப்பித்தான் பார்க்க வேண்டும். அவசரத்தில் ஒரு விண்டோவோடு நிறுத்திக்கொண்டால் தவறவிட வாய்ப்புண்டு. இது விண்டோயிங்கின் உண்மையான பலவீனம்.

கிளாஹே இந்தச் சிரமத்தைத்தான் தீர்க்கப் பார்க்கிறது. படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாக ஹிஸ்டோகிராமை, அதாவது எந்தச் சாம்பல் படியில் எத்தனை பிக்சல் என்ற கணக்கை, சமன் செய்து, கட்ட எல்லைகள் தெரியாதபடி இடைக்கணித்து இணைக்கும். கான்ட்ராஸ்ட் எல்லை மீறி ஏறாமலிருக்க ஹிஸ்டோகிராமின் உச்சியை ஓர் அளவோடு வெட்டிவிடும். எலும்பும் மூளையும் ஒரே படத்தில் விவரத்தோடு தெரியும், பார்க்க அழகாகவே இருக்கும்.

இப்போது அதே நோயாளிக்கு வருவோம். 512 x 512 படத்தை 8 x 8ஆகப் பிரித்தால் ஒரு கட்டம் 64 பிக்சல், தலை சி.டி.யில் சுமார் 3 சென்டிமீட்டர். பெரிய அடைப்பு பாதிக்கும் பகுதி அதைவிட விரிந்து கிடக்கலாம். பாதிக்கப்பட்ட பக்கத்தில் ஒரு கட்டத்தின் சராசரி 30, எதிர்ப்பக்கத்தில் 36 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கட்டத்திலும் நாய்ஸ் எனும் தற்செயல் ஏற்ற இறக்கம் 4 அளவில் இருக்கட்டும். ஒவ்வொரு கட்டமும் தன்னுடைய மதிப்புகளைத் தன்னுடைய முழு வீச்சுக்கு நீட்டிக்கொள்ளும். விளைவு, இரண்டின் நடுவும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்து சேரும். நாம் தேடிய அந்த 6 அலகு வித்தியாசத்தையே முறை சமன் செய்துவிட்டது. அதே நேரத்தில் 4 அலகு நாய்ஸை ஊதிப் பெரிதாக்கியிருக்கிறது. அதில் ஒரு கருத்த புள்ளி சிறு அடைப்பு போலத் தோன்றலாம். இருப்பதை மறைத்து இல்லாததைக் காட்டும் அபாயம், இரண்டும் ஒரே படத்தில்.

வெட்டும் அளவைக் குறைத்தால் இது தணியும், உண்மைதான். `clipLimit` 1ஐ நெருங்க நெருங்கக் கிளாஹே சாதாரண நேர்கோட்டு மாற்றம் போலாகிவிடும். ஆனால் அப்போது அதன் பயனும் போய்விடும். எந்த எண்ணில் நோய் மறைகிறது என்பது படத்துக்குப் படம் மாறும் என்பதால், பத்திரமான எண் என்று ஒன்றைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

வேறுபாட்டின் வேர் இங்கேதான். விண்டோயிங்கில் 36 என்றால் படத்தின் எந்த மூலையிலும் ஒரே சாம்பல். இடது வலது ஒப்பீடு நிற்கும். கிளாஹேயில் 36 மண்டையோட்டருகே ஒரு நிறம், நடுவே வேறொரு நிறம். ரேடியாலஜிஸ்ட் தலை சி.டி.யைப் படிப்பதே பெரும்பாலும் இரு பக்கத்தையும் ஒப்பிட்டுத்தான் என்பதால் இந்த இழப்பு சின்னதல்ல.

இன்னொன்று, கிளாஹேயை எதன் மேல் போடுகிறார்கள் என்பது. பெரும்பாலும் ஏற்கெனவே விண்டோ செய்து சேமித்த ஜே.பி.ஜி. அல்லது பி.என்.ஜி. மேல். W 80, L 40இல் சேமித்த படத்தில் 80க்கு மேலுள்ள எல்லாமே 255. 150இல் உள்ள சுண்ணாம்புப் படிவும் 900இல் உள்ள எலும்பும் ஒன்றாகிப் போயின. எந்தக் கணக்கும் அவற்றை மீண்டும் பிரிக்காது. மருத்துவப் படங்களைச் சேமிக்கும் டைகாம் வடிவ மூலக் கோப்பில் விண்டோ மதிப்பு `(0028,1050)`, `(0028,1051)` என்ற குறிப்புகளாக மட்டும் இருக்கும். திரையில் என்ன திருகினாலும் பிக்சல் அப்படியே கிடக்கும்.

சந்தேகம் வந்தால் சோதிப்பது எளிது. மூலப் படத்தில் இரு பக்கமும் ஒரே அளவு வட்டம் போட்டுச் சராசரி ஹவுன்ஸ்ஃபீல்டு மதிப்பைப் பாருங்கள். அடுத்த ஸ்லைஸிலும் வித்தியாசம் தொடர்கிறதா? அப்புறம் கிளாஹே கட்ட எண்ணிக்கையை 8இலிருந்து 12க்கு மாற்றுங்கள். புள்ளி உருமாறினாலோ மறைந்தாலோ அது கட்டத்தின் வேலையாக இருக்க நல்ல வாய்ப்பு. கிளாஹே படத்தின் மேலேயே வட்டம் போட்டு அளப்பது மட்டும் வேண்டாம், அந்த எண்ணுக்கு எந்த அலகும் கிடையாது.

கிளாஹேயை ஒதுக்கச் சொல்லவில்லை. பாடம் நடத்த, உறுப்பு எல்லைகளைக் கணினி வழியே பிரிக்கும் முன் படத்தைத் தயார் செய்ய, எக்ஸ்ரேயில் ஒரு மெல்லிய குழாயின் முனை எங்கே என்று கண்ணை அந்தப் பக்கம் திருப்ப, அது உதவும். திருப்பிய பிறகு மூலத்தில்தான் உறுதி செய்ய வேண்டும். எக்ஸ்ரேயில் மருத்துவர் பார்க்கும் படமே கருவி தயாரிப்பாளரின் செயலாக்கம் கடந்து வந்ததுதானே என்று கேட்கலாம். சரி, ஆனால் அது அந்தக் கருவிக்கென அமைத்துச் சோதித்த செயலாக்கம். அதன் மேல் நாம் இன்னொன்றைப் போடுவது வேறு. எம்.ஆர்.ஐ.யில் ஹவுன்ஸ்ஃபீல்டு போன்ற நிலையான அளவே இல்லை, ஒப்பீடு முழுக்க அக்கம்பக்கத்தை நம்பியிருக்கிறது. அங்கே இடத்துக்கு இடம் மாறும் முறை இன்னும் ஆபத்து.

மாற்றிய படத்தைச் சேமித்தே ஆக வேண்டுமென்றால் மூலத்தின் மேல் எழுதாமல் தனி சீரிஸாக, புதிய அடையாள எண்ணோடு சேமியுங்கள். `Image Type` முதல் மதிப்பு `ORIGINAL` என்றிருப்பதை `DERIVED` ஆக்குங்கள். பயன்படுத்திய கட்ட அளவையும் வெட்டும் அளவையும் விளக்கக் குறிப்பில் எழுதிவையுங்கள். அறிக்கை எழுதுபவர் கோப்பைத் திறந்ததும் பார்க்க வேண்டிய வரி அந்த `Image Type`.