சீனியின் விலை விலகலை எப்போது கணக்கெடுப்பது: வாங்கும்போதா, எடுக்கும்போதா?

நுவரெலியாவில் ஸ்ட்ரோபெரி ஜாம் போடும் சின்ன இடமொன்றுக்கு நியமக் கிரயக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். முன்கூட்டியே வைத்த நியம விலைக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசமான விலை விலகலைச் சரக்கு வாங்கிய அன்றே எழுதுவதா, களஞ்சியத்திலிருந்து அடுப்படிக்குப் போகும்போது எழுதுவதா என்று இரண்டையும் செய்து பார்த்துவிட்டு, வாங்கும் அன்றே எழுதுவதென்று மாறிவிட்டேன்.

ஜூலைக் கணக்கையே எடுப்போம். நியமம்: ஒரு போத்தலுக்கு 250 கிராம் சீனி, கிலோ 240 ரூபாய். கையிருப்பு எதுவும் இல்லாமல் தொடங்கி, 50 கிலோ மூட்டை பத்து, கிலோ 252 ரூபாய்க்கு வாங்கினோம். செய்தது 1,200 போத்தல், போனது 310 கிலோ.

பாவனை விலகல் இரண்டு முறையிலும் ஒன்றுதான். 1,200 போத்தலுக்கு 300 கிலோ போதும், 10 கிலோ கூடிவிட்டது, அதை நியம விலையால் பெருக்க 2,400 ரூபாய் பாதகம். மழை ஈரத்தில் அடிமூட்டை கட்டிபட்டுச் சாக்கோடு ஒட்டியிருந்ததை அக்கா உரித்துக் காட்டினார், காரணம் அதுதான்.

விலை விலகல்தான் வேறுபடும். வாங்கும்போது எழுதினால் 500 × 12, அதாவது 6,000 பாதகம். எடுக்கும்போது எழுதினால் 310 × 12, 3,720 மட்டும். மீதி 2,280 ரூபாய் 190 கிலோ சீனியோடு களஞ்சியத்தில் படுத்திருந்து ஓகஸ்டில் எழும்பும். ஓகஸ்டில் 240க்கே வாங்கியிருந்தாலும் அறிக்கையில் பாதகம் நிற்கும், வாங்குபவர் "நான் சரியாகத்தானே வாங்கினேன்" என்பார், அவர் சொல்வதும் சரி.

எனக்கு முடிவைத் தந்தது இதைவிட களஞ்சிய அட்டைதான். எடுக்கும்போது கணக்கெடுத்தால் எந்த மூட்டை எந்த விலை என்று அட்டையில் அடுக்கடுக்காக வைத்திருக்க வேண்டும். மூட்டைக்கு மேல் தொங்கும் அட்டையில் ஈரக் கையால் எழுதுபவர்களுக்கு அது நடக்காத காரியம், எங்களிடம் 252 சீனி 240 விலையில் ஏறியிருந்தது. இப்போது இருப்பு முழுவதும் 240தான், அட்டையில் கிலோ மட்டும் எழுதினால் போதும்.

ஸ்ட்ரோபெரிக்கு இந்தக் கேள்வியே இல்லை, வாங்கிய பழம் அடுத்த நாளே அடுப்பில். கூலியும் அப்படித்தான், மணித்தியாலத்தை இருப்பில் வைக்க முடியாது. 100 மணித்தியால வேலைக்கு 108 ஆனது, மணித்தியாலத்துக்கு 250 ரூபாய்க்குப் பதில் 260 கொடுத்தோம்: வீதத்தில் 108 × 10, 1,080 பாதகம், வினைத்திறனில் 8 × 250, 2,000 பாதகம்.

சரி, இதில் ஒரு குறை உண்டு. இருப்பை நியமக் கிரயத்தில் காட்ட, இருப்புகளுக்கான இலங்கைக் கணக்கீட்டு நியமமான எல்கேஏஎஸ் 2 விடுகிறது, ஆனால் அது உண்மைக் கிரயத்துக்குக் கிட்ட நிற்க வேண்டும். சீனி விலை வேகமாக ஏறும் வருடத்தை இந்த முறையில் நான் இன்னும் ஓட்டவில்லை, ஏறினால் நியமத்தை இடையிலேயே மாற்ற வேண்டிவரலாம். வருட முடிவில் இப்படி 190 கிலோ மிஞ்சினால், 45,600 ரூபாய் இருப்போடு அந்த 2,280ஐ விலை விலகலிலிருந்து திருப்பி எடுத்துச் சேர்த்து 47,880 ஆகக் காட்டிவிடுவேன்.