முதல் காட்சி: சொல்லித் தொடங்குவதா, நடத்திக் காட்டுவதா?

ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

‘ரோமியோ ஜூலியட்’டில் ஒருவர் மேடைக்கு வந்து 14 வரிகளில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். ஊர் வெரோனா, இரண்டு குடும்பங்களுக்குப் பழைய பகை, காதலர்கள் சாகப்போகிறார்கள். முடிவு தெரிந்துவிட்டதால், அடுத்து வரும் வேலைக்காரர்களின் வாய்ச்சண்டையில் சிரித்தாலும் உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கிறது.

‘ஹாம்லெட்’ அப்படி எதையும் சொல்வதில்லை. நள்ளிரவு, கடும் குளிர், கோட்டைக் காவல். “யார் அங்கே?” என்ற கேள்வியோடு திரை விலகுகிறது. கேட்பவர் காவலில் நிற்பவர் அல்ல, அவரை மாற்ற வருபவர். முறைப்படி நிற்பவர்தானே கேட்க வேண்டும்? இந்தத் தலைகீழ் ஒன்றிலேயே அந்த இடத்தின் பதற்றம் தெரிந்துவிடுகிறது.

இங்கும் நீண்ட விளக்கம் உண்டு. ஆனால் இறந்துபோன மன்னரின் ஆவி ஒருமுறை வந்து போன பிறகுதான், “ஏன் இந்த இரவுக் காவல், ஏன் இவ்வளவு பீரங்கி வார்ப்பு?” என்று ஒரு காவலர் கேட்கிறார். நார்வே இளவரசனோடு உள்ள நிலத்தகராறை ஹாம்லெட்டின் நண்பர் ஹொரேஷியோ அப்போது விளக்குகிறார். அதற்குள் நமக்கும் அதே கேள்வி வந்திருப்பதால் பேச்சு நீளமாகத் தெரிவதில்லை. இதையே முதலில் வைத்திருந்தால் வெறும் தகவலாகிப் போயிருக்கும்.

முடிவு தெரிந்தும் பதற வைக்கும் கதைக்கு முதல் வழி சரி. மர்மம் உள்ள கதைக்கு என் தேர்வு இரண்டாவதுதான்.