எர்த்திங் அறிக்கைக்கு 14,800 ரிங்கிட் கொடுத்து ஏமாந்தேன், நீங்கள் ஏமாறாதீர்கள்

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. நேற்று மாலை வரை ஏதாவது வழி பிறக்கும் என்று காத்திருந்தேன். இனி அந்த ஆள் தொலைபேசியை எடுக்கப் போவதில்லை என்பது உறுதியாகிவிட்டது. 14,800 ரிங்கிட்.

சுங்கை சிப்புட்டில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வயரிங் குத்தகை எடுத்துச் செய்கிறேன். வீடு, கடை, கோயில் மண்டபம், சின்னத் தொழிற்கூடம் என்று எதற்கும் அஞ்சியதில்லை. இந்த ஆண்டு ஒரு குளிர்க்கிடங்கு வேலை வந்தது. அதற்கு 11 கே.வி. மின்சாரம் தேவை என்பதால் முன்புறத்தில் ஒரு சிறிய துணை மின்நிலையக் கட்டடமும் எழுப்ப வேண்டியிருந்தது. 10 மீட்டருக்கு 7 மீட்டரில் ஒற்றை அறை, இரும்புக் கதவு, சுற்றிலும் புல். அதன் கீழே போட வேண்டிய எர்த்திங் வலையை வடிவமைப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. அதனால் வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஓர் இணையத்தளத்தில் தேடினேன். ஐந்து நட்சத்திரம் பெற்ற ஒருவர் கிடைத்தார். அளவெடுத்து, வடிவமைத்து, வலையையும் போட்டு, அறிக்கையும் தருவதாகச் சொன்னார். எல்லாம் சேர்த்து 14,800 ரிங்கிட்.

நான் நம்பிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் தோசைக் கடையில் உட்கார்ந்து பேசினோம். "அண்ணே, என் அப்பாவும் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்தான். நம் ஆளுக்கு நான் குறை வைப்பேனா?" என்றார். தேநீருக்கு என்னைக் காசு கொடுக்கவிடவில்லை. தோட்டத்துப் பிள்ளை படித்து மேலே வந்திருக்கிறானே என்று நெஞ்சு நிறைந்து போனது. அன்று மாலையே பாதிப் பணத்தை அனுப்பினேன். படித்த சான்றிதழைக் காட்டு என்றுகூடக் கேட்கவில்லை.

வேலை நான்கு நாளில் முடிந்தது. 12 மீட்டருக்கு 9 மீட்டரில் செப்புக் கம்பி வலை, மூன்று மீட்டருக்கு ஒரு கட்டம், அரை மீட்டர் ஆழம். ஓரங்களில் மூன்று மீட்டர் நீளக் கம்பங்கள் எட்டு. கம்பியிலும் பற்றவைப்பிலும் இன்றுவரை நான் குறை காணவில்லை. கடைசியில் மீட்டரைக் கொண்டுவந்து என் முன்னாலேயே அளந்தார். "0.9 ஓம், அண்ணே. ஒரு ஓமுக்குள் வந்துவிட்டது" என்று திரையைக் காட்டினார். மீதிப் பணத்தையும் விடுவித்தேன். அறிக்கை வந்தது, முப்பது பக்கம். தொடு மின்னழுத்தம் தேர்ச்சி, படி மின்னழுத்தம் தேர்ச்சி என்று பச்சை நிறத்தில் எழுதியிருந்தது.

மூன்று வாரம் கழித்து, மின் இணைப்புக்கு முன்பு ஆய்வுக்கு வந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மண் அளந்த தாள் எங்கே?" அறிக்கையைப் புரட்டினேன். நான்காம் பக்கத்தில் "மண்ணின் மின்தடை எண் 20 ஓம்-மீட்டர்" என்று ஒற்றை வரி. எந்த நாள் அளந்தது, கம்பிகளை எத்தனை மீட்டர் இடைவெளியில் நட்டது, மீட்டர் என்ன காட்டியது என்று எதுவும் இல்லை. பதிவு பெற்ற பொறியாளரின் முத்திரையும் இல்லை. கோப்பை மூடி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஈப்போவில் மின் பொறியாளராக இருக்கும் அக்கா மகள் அந்த ஞாயிறு மீட்டரோடு வந்தாள். நான்கு கம்பிகளை ஒரே நேர்க்கோட்டில், 2 மீட்டர் இடைவெளியில் நட்டோம். குன்றை வெட்டிக் கொட்டிய செம்மண் அது. அரையடிக்குக் கீழே சரளைக் கல் தட்டிக் கம்பி இறங்க மறுத்தது. வெளிக் கம்பிகள் இரண்டிலும் மின்னோட்டம் போகும், உள்ளே இருக்கும் இரண்டும் மின்னழுத்தத்தைப் பார்க்கும். மீட்டர் 19.1 ஓம் காட்டியது. அதை இடைவெளியாலும், பிறகு 6.28 என்ற எண்ணாலும் பெருக்கினால் 240 ஓம்-மீட்டர் வருகிறது. இடைவெளியைக் கூட்டிக் கூட்டி அளந்தோம். ஏறத்தாழ அதே எண்தான். அறிக்கையில் 20, மண்ணில் 240. பன்னிரண்டு மடங்கு!

"மாமா, இந்த 20 மண்ணிலிருந்து வந்த எண் இல்லை" என்றாள். "இந்த அளவு வலைக்கு ஒரு ஓமுக்குள் விடை வரவேண்டும் என்றால் மண் எப்படி இருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு எடுத்த எண்." சூத்திரத்தில் போட்டுக் காட்டினாள். 20 என்று போட்டால் வலையின் மின்தடை 0.96 ஓம். 240 என்று போட்டால் 11.5 ஓம்.

அப்படியானால் மீட்டர் காட்டிய 0.9? அன்று அவர் மின்னழுத்தக் கம்பியைச் சுவரிலிருந்து இரண்டடித் தூரத்தில் நட்டதை என் கண்ணால் பார்த்தேன். வலையோ சுவரைத் தாண்டி ஒரு மீட்டர் வெளியே போகிறது. ஆக, அந்தக் கம்பி வலைக்கு மேலேயே நின்றிருக்கிறது. வலையோடு சேர்ந்து உயரும் மண்ணில் நட்டால் மீட்டர் சிறிய எண்ணைத்தான் காட்டும். அக்கா மகள் வயரைச் செம்பனை வரிசைக்குள் 100 மீட்டர் இழுத்துக்கொண்டு போய் மின்னோட்டக் கம்பியை நட்டாள். மின்னழுத்தக் கம்பியை 62 மீட்டரில் நட்டாள். 11.2 ஓம். பத்து மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தியும் அது பெரிதாக மாறவில்லை. கணக்கும் மண்ணும் ஒத்துப்போயின.

ஆனால் அவள் பயந்தது அந்த 11 ஓமைக் கண்டு அல்ல. இவ்வளவு சிறிய வலை இந்த மண்ணில் ஒரு ஓமைத் தொடவே முடியாது, ஆளைக் காப்பதும் அந்த எண் இல்லை என்றாள். மின்கசிவு நேரும்போது வலை முழுவதும் மின்னழுத்தம் ஏறும். அதோடு இணைந்த இரும்புக் கதவும் ஏறும். சுற்றியுள்ள மண்ணும் ஏறும், ஆனால் அதே அளவுக்கு ஏறாது. கதவில் கை வைத்து மண்ணில் நிற்பவரின் கைக்கும் காலுக்கும் இடையிலான வித்தியாசம்தான் தொடு மின்னழுத்தம். ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு காலுக்கும் இடையே உள்ள வித்தியாசம் படி மின்னழுத்தம். வலையின் மின்தடையை மட்டும் பார்த்து இந்த இரண்டையும் சொல்ல முடியாது.

எங்களுக்குக் கிடைத்திருந்த கடிதத்தின்படி நிலத்தோடு ஏற்படும் கசிவு மின்னோட்டம் 2,000 ஆம்பியர், அரை விநாடியில் துண்டிக்கப்படும். பெரும்பகுதி கேபிளின் உலோக உறை வழியாகத் திரும்பிவிடும், 200 ஆம்பியர்தான் மண்ணுக்குள் போகும் என்று அறிக்கை சொல்கிறது. அந்தப் பங்குக்கும் அதில் கணக்கு இல்லை. அதை அப்படியே ஒப்புக்கொண்டே பார்த்தோம். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர் வெறும் மண்ணில் நின்றால் எவ்வளவு தாங்குவார் என்பதற்கு ஐ.இ.இ.இ. 80 என்ற தரநிலை தரும் கணக்கு இது:

```
(1000 + 1.5 × 240) × 0.116 / √0.5 = 223 V
```

1000 என்பது உடலின் மின்தடை. அடுத்தது காலுக்குக் கீழே உள்ள மண் தரும் பாதுகாப்பு. 0.116 ஐம்பது கிலோ ஆளுக்கான எண், 0.5 துண்டிக்க ஆகும் விநாடி. இந்த வலையில், 240 ஓம்-மீட்டர் மண்ணில், தொடு மின்னழுத்தம் 303 வோல்ட் வருகிறது. 223 தாங்கும் ஆளுக்கு 303. படி மின்னழுத்தம் 344 வோல்ட். அதற்கு 400 வரை தாங்கலாம் என்பதால் அது மட்டும் தப்பியது. மின்னோட்டம் ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்கும்போது அந்தச் சூத்திரத்தில் 1.5 என்பது 6 ஆகிவிடும், அதனால் வரம்பு உயரும். கதவைத் தொடுபவருக்கு அந்தச் சலுகை இல்லை.

அறிக்கையில் மட்டும் எப்படித் தேர்ச்சி? பொய்யான 20-ஐப் போட்டதால் தொடு மின்னழுத்தம் 25 வோல்ட் என்று வந்துவிட்டது. அது போதாதென்று, கட்டடத்தைச் சுற்றி மின்சாரத்தை எளிதில் கடத்தாத கருங்கல் ஜல்லி 150 மில்லிமீட்டர் தடிப்பில் இருப்பதாகவும் எழுதி, தாங்கும் வரம்பை 733 வோல்ட்டாக உயர்த்தியிருக்கிறார். எங்கே ஜல்லி? இருப்பது புல். மழை பெய்தால் சேறு. கிடங்கில் வேலை செய்யும் பையன் அந்தச் சேற்றில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் திறக்கிறான். நான் பார்த்தேன். அந்தக் காட்சி மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை.

அவரை அழைத்தேன். முதல் நாள், "மீட்டர் காட்டியதே, அண்ணே. நீங்களும் பார்த்தீர்களே" என்றார். இரண்டாம் நாள், "கூட்டத்தில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்." மூன்றாம் நாள், "ஜல்லி போடுவது உங்கள் பொறுப்பு, என் அறிக்கையில் எழுதியிருக்கிறேன்." மண்ணை எங்கே அளந்தாய் என்று கேட்டேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார். அதன் பிறகு மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை என்று சொன்ன அதே வாய்!

இணையத்தளத்துக்கு எழுதினேன். பணம் விடுவித்து 14 நாள் கடந்துவிட்டது, வாடிக்கையாளர் வேலையை ஏற்றுக்கொண்டதாகப் பதிவாகியுள்ளது, இனி தலையிட இயலாது என்று பதில். மறுபடியும் எழுதினேன். அதே வரிகள், ஓர் எழுத்து மாறவில்லை. நட்சத்திரத்தைக் குறைக்கவும் நாள் கடந்துவிட்டதாம். என் 14,800 ரிங்கிட்டுக்கு அங்கே பேச ஒரு மனிதர்கூட இல்லை. குளிர்க்கிடங்குக்காரரிடம் மொத்த வேலைக்கும் ஒரே விலை பேசிவிட்டேன். அவரிடம் ஒரு வெள்ளிகூடக் கேட்க முடியாது, கேட்கவும் மாட்டேன்.

என்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. மண் அளந்த தாள் நாளோடும் இடைவெளியோடும் இல்லாத அறிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள். அளக்கும்போது கூடவே நில்லுங்கள். மின்னழுத்தக் கம்பி வலைக்குப் பக்கத்தில் நின்றால் அந்த எண்ணை நம்பாதீர்கள். அறிக்கையில் ஜல்லி என்று இருந்தால் வெளியே போய் ஜல்லி இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாமல் மீதிப் பணத்தை விடுவிக்காதீர்கள்.

நாளைக் காலை ஜல்லி லாரி வருகிறது. சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் அகலத்துக்குச் சுற்றிலும் 150 மில்லிமீட்டர் போடுகிறோம். சேறு கலந்தால் ஜல்லியின் பயன் போய்விடும் என்பதால் அடியில் விரிப்பும் ஓரத்தில் சிறு கரையும் வைக்கிறோம். அப்படிச் செய்தால் தாங்கும் வரம்பு 745 வோல்ட்டுக்குப் போகும், வலை தரும் 303 அதற்குள் அடங்கும். பொறியாளர் ஒருவர் மறுபடியும் கணக்குப் பார்த்து, மண்ணுக்குள் போகும் அந்த 200 ஆம்பியரையும் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்தச் செலவு 14,800-க்கு மேலே, என் கையிலிருந்து. அதுவரை கதவைப் பூட்டிச் சாவியை நானே வைத்திருக்கிறேன்.