வெள்ளிக்கிழமையும் பயிற்சி நாள் சாப்பாடும்

உப்புவெளிப் பக்கம் ஒரு ஜிம்முக்கு நான்கு வருடங்களாகப் போகிறேன். போன மாதம் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, பயிற்சி இல்லாத நாளில் சாப்பாட்டைப் பாதியாக்கிவிடலாமா?"

முதல் வருடம் நானும் அதைத்தான் செய்தேன். வெள்ளி எனக்கு ஓய்வு நாள். வீட்டில் மரக்கறி நாளும் அதுதான். காலையில் வெறும் தேநீர், மத்தியானம் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும், இரவு தோசை. சனி காலை, வழக்கமாக எட்டு முறை தூக்கும் எடை ஐந்தாவது முறையிலேயே கீழே வந்துவிடும். தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சியில் களைத்த தசை, அடுத்த ஒன்றிரண்டு நாட்களுக்குத் தன்னைச் சீர்செய்துகொண்டிருக்கும். அதற்குப் புரதம் வேண்டும். ஆகவே புரதம் பயிற்சி நாளிலும் ஓய்வு நாளிலும் ஒரே அளவுதான். தசை வளர்க்க முயல்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவு போதும். நான் 70 கிலோ. எனக்கு 112 கிராம். மீன் உள்ள நாளில் இது சிரமமே இல்லை. மத்தியானம் உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய சூரைத் துண்டு ஒன்றிலேயே 35 கிராம் வந்துவிடும். என் பழைய வெள்ளிக்கிழமையைக் கூட்டிப் பார்த்தால் நாற்பதைத் தாண்டவில்லை.

இப்போது வெள்ளி காலை அவித்த பயறு ஒரு கோப்பை, மத்தியானம் கெட்டிப் பருப்புடன் 50 கிராம் சோயா மீட், பின்னேரம் கடலை, இரண்டு வேளை பால். சோற்றில் உள்ளதையும் சேர்த்தால் நூறுக்குக் கிட்ட வரும். சோயா மீட்டை ஊறவைத்துப் பிழியாமல் சமைத்தால் வாடை போகாது. அம்மா முதல் தடவையே சட்டியை வெளியே வைத்துவிட்டார்.

"அப்படியானால் எதைத்தான் குறைப்பது?"

சோற்றை, அதுவும் கொஞ்சம். ஒரு மணி நேர எடைப் பயிற்சியில் செலவாவது 200 முதல் 300 கலோரிதான். ஏறக்குறைய ஒன்றேகால் கோப்பைச் சோறு. வேலையில் நாள் முழுதும் நிற்பவர் என்றால் அதையும் குறைக்க வேண்டாம். சனி காலை பாரமான கால் பயிற்சி இருந்தால் வெள்ளி இரவு இடியப்பத்தைக் குறைக்காதீர்கள். மறுநாளுக்கான எரிபொருள் அதுதான். ஓய்வு நாளில் பசி கூடுவதும் கோளாறு அல்ல, நேற்றைய கணக்கு இன்று வருகிறது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை வைத்தியரிடம் கேட்டே கூட்ட வேண்டும்.

தம்பி விடவில்லை. "வெள்ளி கோயிலில் மோதகம் தருவார்களே?"

"சாப்பிடுங்கள். மத்தியானச் சோற்றில் இரண்டு அகப்பை குறையுங்கள்."