எஃப்.டி.யை இடையில் உடைத்தால் வட்டி எப்படிக் குறைகிறது: என் அனுபவம்

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்குப் பல வருடங்களாக ஒரே வங்கிக் கிளையில்தான் எஃப்.டி. போட்டு வருகிறோம். முதிர்வு வரை வைத்திருந்தால் தொல்லையே இல்லை. இடையில் எடுக்கும்போது நடக்கும் கணக்கைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

4 லட்சம் ரூபாயை 3 வருடத்துக்கு 7 சதவீத வட்டியில் போட்டிருந்தோம். வட்டி காலாண்டுக்கு ஒருமுறை 7,000 ரூபாயாக அப்பச்சியின் சேமிப்புக் கணக்குக்கு வந்துவிடும். 15 மாதம் முடிந்த சமயத்தில், ஐப்பசி மழைக்கு முன்னால் பழைய வீட்டின் ஓட்டை மாற்றியே ஆக வேண்டிய நிலை. இரண்டாங்கட்டில் பட்டியக்கல் வரை ஒழுக ஆரம்பித்திருந்தது. பங்காளிகள் தங்கள் பங்கைத் தரத் தயாராக இருந்தார்கள், நாங்களும் தர வேண்டும். கடன் வேண்டாம், எஃப்.டி.யை எடுத்துவிடு என்று அப்பச்சி சொன்னார்கள்.

கவுன்டரில் “அரை சதவீதம் அபராதம், அவ்வளவுதான்” என்றார்கள். அதைக் கேட்டால் யாரும் 7-இல் அரை போக 6.5 சதவீதம் கிடைக்கும் என்றுதான் நினைப்பார்கள். ஏற்கெனவே 5 காலாண்டுக்கு 35,000 ரூபாய் வந்திருக்கிறது, 6.5 சதவீதத்துக்கு 32,500 வரும். ஆக 2,500 ரூபாய் பிடிப்பார்கள். ஆனால் கைக்கு வந்தது 3,95,000. 5,000 ரூபாய் அசலிலேயே குறைந்திருந்தது.

மேனேஜரிடம் கணக்குத் தாளைக் கேட்டு வாங்கினேன். விஷயம் இதுதான். நாம் ஒப்புக்கொண்ட 7 சதவீதம் 3 வருடத்துக்கான வட்டி. பணம் உண்மையில் இருந்தது 15 மாதம். அதனால் டெபாசிட் போட்ட அன்றைய வட்டிப் பட்டியலில் 1 வருடம் முதல் 2 வருடத்துக்குள் என்ற வரிசையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள். அன்றைக்கு அது 6.5. அந்த 6.5-இலிருந்துதான் அரை சதவீத அபராதம் கழிகிறது. மிச்சம் 6 சதவீதம், காலாண்டுக்கு 6,000, மொத்தம் 30,000. முன்பே வாங்கிய 35,000-இல் கூடுதலான 5,000-ஐ அசலில் பிடித்துக்கொள்கிறார்கள். இழப்பில் பாதிதான் அபராதம். மறுபாதி காலம் குறைந்ததால் வந்தது. இதைக் கவுன்டரிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

வட்டியை மாதாமாதமோ காலாண்டுக்கோ வாங்காமல் முதிர்வில் சேர்த்து வாங்குகிறவர்களுக்கு அசல் குறையாது, வட்டி மட்டும் சிறுத்துப்போகும். அபராதம் எவ்வளவு என்பதை ஒவ்வொரு வங்கியும் தானே முடிவு செய்கிறது. பெரிய தொகைக்கு 1 சதவீதம் வாங்குகிற வங்கியும் உண்டு.

பட்டியல் எது என்பதில் பலர் குழம்புகிறார்கள். இன்றைக்கு வங்கியில் ஒட்டியிருக்கும் பட்டியல் இந்தக் கணக்குக்கு வராது, டெபாசிட் போட்ட நாளின் பட்டியல்தான் வரும். அதனால் இப்போதெல்லாம் போடும் அன்றே அன்றைய பட்டியலைப் பிரின்ட் எடுத்து ரசீதோடு பின் பண்ணி வைத்துவிடுகிறேன். உடைக்கும்போது அவர்கள் போட்ட வட்டி சரியா என்று நானே பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பட்டியல் கையில் இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. 1 வருடத்துக்குள் 6 சதவீதம், 1 வருடம் ஆனால் 6.5 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 363-ஆவது நாளில் உடைத்தால் அபராதம் போக 5.5 சதவீதம். இரண்டு மூன்று நாள் பொறுத்தால் 6 சதவீதம். 4 லட்சத்துக்கு அந்தச் சில நாளின் மதிப்பு சுமார் 2,000 ரூபாய். கொத்தனாரிடம் வாரக் கடைசியில் தருகிறேன் என்று சொல்லிவிடலாம்.

அப்புறம் இன்னொரு முறை 6 மாதத்துக்கு மட்டும் 1 லட்சம் தேவைப்பட்டது. அப்போது எஃப்.டி.யை உடைக்கவில்லை, அதன் மேலேயே கடன் எடுத்தோம். எங்கள் கிளையில் டெபாசிட் வட்டியைவிட 1 சதவீதம் கூடுதல், அதாவது 8 சதவீதம். 6 மாதத்துக்குச் சுமார் 4,000 ரூபாய் வட்டி கட்டினோம். அதே 1 லட்சம் டெபாசிட்டில் இருந்து 3,500 சம்பாதித்தது. உண்மையான செலவு 500 ரூபாய்தான். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகு அப்பச்சியும் சரி என்றார்கள்.

ஆனால் எப்போதும் கடனே நல்லது என்று சொல்ல மாட்டேன். முன்பு சொன்ன அதே டெபாசிட்டில் மூன்றரை லட்சம் கடன் வாங்கி, மீதி 21 மாதமும் திருப்ப முடியாமல் போனால், அந்த 1 சதவீத வித்தியாசமே 6,000-ஐத் தாண்டிவிடும். அதற்கு 5,000 இழந்து உடைப்பதே மேல். வரிச் சலுகைக்காகப் போடும் 5 வருட எஃப்.டி.யில் இந்த இரண்டு வழியும் கிடையாது; உடைக்கவும் முடியாது, அதன் மேல் கடனும் தர மாட்டார்கள்.

இப்போது 4 லட்சத்தை ஒரே ரசீதாகப் போடுவதில்லை. 1 லட்சமாக நான்கு ரசீது. தேவைக்கு ஒன்றை உடைத்தால் மற்ற மூன்றும் 7 சதவீதத்திலேயே ஓடும்.