மால்டிடாலா, எரித்ரிடாலா? சர்க்கரையில்லா சாக்லேட்டின் உறைக் கணக்கு

அமெரிக்க உறை போட்ட இரண்டு சாக்லேட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பங்குக்கு மாவுச்சத்து 18 கிராம், நார்ச்சத்து 2, சுகர் ஆல்கஹால் 14, கொழுப்பு 10, புரதம் 2. எண்கள் இரண்டிலும் ஒன்றே. சுகர் ஆல்கஹால் என்பது சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு; ஒன்றில் அது மால்டிடால், இன்னொன்றில் எரித்ரிடால். இரண்டின் முன்பக்கத்திலும் ‘நெட் கார்ப் 2 கிராம்’, அதாவது ரத்தச் சர்க்கரையை உயர்த்தும் மாவுச்சத்து 2 கிராம்தான் என்று பெரிதாகப் போட்டிருக்கும். 18-இல் நார்ச்சத்தையும் சுகர் ஆல்கஹாலையும் முழுசாகக் கழித்து வந்த எண் அது. அமெரிக்கச் சட்டத்தில் ‘நெட் கார்ப்’ என்பதற்கு வரையறையே கிடையாது.

எரித்ரிடாலுக்கு அந்தக் கழித்தல் பெரும்பாலும் நியாயம்தான். அது சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, பெரும்பகுதி மாறாமல் சிறுநீரில் வெளியேறிவிடும். மால்டிடாலின் கதை வேறு. குடலில் அது குளுக்கோஸாகவும் சார்பிடாலாகவும் உடைகிறது. அந்தக் குளுக்கோஸ் ரத்தத்தில் சேரும். ரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்தும் என்று காட்டும் கிளைசெமிக் குறியீடு மால்டிடாலுக்குச் சுமார் 35, சாதாரணச் சர்க்கரைக்குச் சுமார் 65. பாதிக்குச் சற்று மேல்! அதனால்தான் நீரிழிவு உணவு ஆலோசகர்கள் சுகர் ஆல்கஹாலில் பாதியை மட்டும் கழிக்கச் சொல்வார்கள். 18-இல் நார்ச்சத்து 2, மால்டிடாலில் பாதி 7 போனால் மிச்சம் 9 கிராம். சாப்பாட்டுக்கு ஏற்ப இன்சுலின் போடுகிறவருக்கு 2-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

முன்பக்கத்தை நம்பாமல் எது எது என்று கண்டுபிடிக்க கலோரி ஒரு வழி. கொழுப்புக்கு 90, புரதத்துக்கு 8, மீதி 2 கிராம் மாவுச்சத்துக்கு 8, நார்ச்சத்துக்கு 4: மொத்தம் 110. எரித்ரிடாலுக்கு கலோரி பூஜ்யம், ஆகவே அந்த உறையில் 110-ஐ ஒட்டித்தான் இருக்கும். மால்டிடாலுக்கு அமெரிக்காவில் கிராமுக்கு 2.1 கலோரி, 14 கிராமுக்கு 29 கூடி, 140 என்று முழுமையாக்கிப் போடுவார்கள். உறையில் 120, 130 என்பதுபோல் நடுவில் நின்றால் இரண்டும் கலந்திருக்கக்கூடும். மூலப்பொருள் பட்டியலில் எது முதலில் வருகிறதோ அதன் எடைதான் அதிகம்.

ஐரோப்பிய உறையில் கணக்கு மாறும். அங்கே எரித்ரிடாலைத் தவிர மற்ற எல்லாச் சுகர் ஆல்கஹாலுக்கும் ஒரே மதிப்பு, கிராமுக்கு 2.4. அதே மால்டிடால் 34 கலோரி ஆகிவிடும். சாக்லேட் மாறவில்லை, விதிதான் மாறியது. அதைவிட முக்கியம், அங்கே மாவுச்சத்து எண்ணில் நார்ச்சத்து ஏற்கெனவே சேர்க்கப்படுவதில்லை. அமெரிக்கப் பழக்கத்தில் அதை மறுபடி கழித்தால் உண்மையைவிடக் குறைவான எண் வரும். இந்தத் தவறை நிறைய பேர் செய்கிறார்கள்; இறக்குமதிப் பெட்டியைக் கையில் எடுத்ததும் முதலில் எந்த நாட்டு உறை என்று பாருங்கள்.

மால்டிடால் அதிகம் போனால் வயிறு உப்பி, கழிச்சலும் வரும்; உறிஞ்சப்படாத பகுதி பெருங்குடலில் புளிப்பதால். எரித்ரிடாலில் அது குறைவு. எனக்குத் தேர்வு எரித்ரிடால்தான், ஆனால் கொழுப்பின் 90 கலோரி இரண்டிலும் அப்படியே இருக்கிறது.