சர்வீஸ் ஹிஸ்டரி ஸ்கிரீன்ஷாட்: ஆப் காட்டும் தேதியா, நாமே போடும் கணக்கா?

போன வருஷம் ஜூனில் எனக்கு மார்த்தாண்டத்துக்கு மாற்றல் வந்தது. வீடு நாகர்கோவிலில், போக வர சுமார் 60 கிலோமீட்டர், வாரத்தில் ஐந்து நாள். அதுவரை சந்தைக்கும் கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்த சின்ன பெட்ரோல் கார், திடீரென்று தினக்கூலி வண்டி ஆகிவிட்டது. அப்போதுதான் கார் சர்வீஸ் ஆப்பில் இருந்த சர்வீஸ் ஹிஸ்டரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த சர்வீஸ் எப்போது, வருஷத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும், இந்த இரண்டும்தான் தெரிய வேண்டும்.

இதற்கு இரண்டு வழி. ஆப் காட்டுகிற தேதியை அப்படியே எடுத்துக்கொண்டு பழைய பில்களைக் கூட்டிச் சராசரி பார்ப்பது ஒன்று. ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் தேதியையும் மீட்டரையும் மட்டும் எடுத்து நாமே கணக்கு போடுவது இன்னொன்று. நான் இரண்டாவதற்குத்தான் போனேன், இன்றும் அதையே சொல்வேன். வருடாந்திர பேக்கேஜ் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. நான் எடுத்ததில்லை. டயரும் பேட்டரியும் பெரும்பாலும் அதில் சேராது என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை.

என் ஸ்கிரீன்ஷாட்டில் நாலு வரி:

18-03-2023, 20,120 கி.மீ., சர்வீஸ்.
05-03-2024, 27,960 கி.மீ., சர்வீஸ், ரூ. 9,700.
14-11-2024, 33,410 கி.மீ., ரன்னிங் ரிப்பேர், ரூ. 1,100.
22-03-2025, 36,620 கி.மீ., சர்வீஸ், ரூ. 7,800.

முதலில் தேதி. என் வண்டிக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது. ஆப் காட்டியது 22-03-2026. கீழே சின்ன எழுத்தில் 46,620 கி.மீ. என்றும் இருந்தது, ஆனால் நம் கண் தேதியில்தான் போய் நிற்கும். பழைய ஓட்டத்துக்கு அந்தத் தேதி சரிதான். 2024 மார்ச்சிலிருந்து 2025 மார்ச் வரை 382 நாளில் 8,660 கிலோமீட்டர், நாளுக்கு 23க்கும் குறைவு. அந்த வேகத்தில் வருஷம்தான் முந்தும். ஆனால் ஜூனிலிருந்து வார இறுதி ஓட்டத்தையும் சேர்த்தால் நாளுக்கு 50 ஆகிறது. ஜூன் 1 அன்று மீட்டர் 38,395. மீதம் 8,225, அதை 50ஆல் வகுத்தால் 164 நாள், அதாவது நவம்பர் 12. ஆப்பை நம்பி மார்ச் வரை ஓட்டியிருந்தால் ஒரே ஆயிலில் 16,000 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும்.

ஷீட்டில் போடுகிறவர்களுக்கு: A பத்தியில் தேதி, B பத்தியில் மீட்டர், 5வது வரி கடைசி சர்வீஸ், 6வது வரி இன்றைய நிலை, D6 நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது.

```
=MIN(EDATE(A5,12), A6+(B5+10000-B6)/D6)
```

விடை ஏதோ ஐந்து இலக்க எண்ணாக வந்தால் பயப்பட வேண்டாம், அந்தக் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் போதும். இன்னொன்றில் நிஜமாகவே கவனம் வேண்டும். ஷீட் அமெரிக்க முறையில் இருந்தால் 05-03-2024ஐ மே 3 என்று எடுத்துக்கொள்ளும், 22-03-2025ஐத் தேதியாகவே ஏற்காது. தேதிகளில் சில கட்டத்தின் வலது ஓரத்திலும் சில இடது ஓரத்திலும் ஒட்டி நின்றால் இதுதான் நடந்திருக்கிறது. மீட்டர் எண் முந்தைய வரியைவிடக் குறைந்தால், கவுன்டரில் தப்பாக அடித்திருக்கிறார்கள்.

2024 நவம்பரின் ரன்னிங் ரிப்பேர் வரியும் ஒரு பொறி. அன்று வைப்பரும் பல்பும் மட்டும் மாற்றினேன், ஆனால் ஆப் அதையே சர்வீஸாக எண்ணி அடுத்த தேதியை ஒரு வருஷம் தள்ளிப் போட்டது. பில்லைத் திறந்து பாருங்கள், இன்ஜின் ஆயில் என்ற வரி இல்லையென்றால் அது சர்வீஸ் இல்லை, அந்தத் தேதியிலிருந்து எண்ணக் கூடாது.

இப்போது செலவு. என் முடிவைத் தீர்மானித்தது இதுதான். 2023 மார்ச் சர்வீஸுக்குப் பிறகு வந்த மூன்று பில்லையும் கூட்டினால் 18,600, இரண்டு வருஷத்துக்கு. வருஷத்துக்கு 9,300 என்று நிம்மதியாகத் தூங்கலாம். வீட்டுப் பக்கத்தில் வண்டி வேலை பார்க்கும் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் குனிந்து முன் டயரின் பள்ளத்தில் நகத்தை வைத்துக் காட்டினார். தேய்மானம் காட்டப் பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு கிட்டத்தட்ட மேல்மட்டத்துக்கு வந்துவிட்டது. "மக்கா, இது பில்லுல எங்க இருக்கு?" என்றார்.

எங்கும் இல்லை. வண்டியோடு வந்த டயர், அதுவரை மாற்றவில்லை, அதனால் ஹிஸ்டரியில் ஒரு பைசா கூட இல்லை. சராசரி போடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். ஸ்கிரீன்ஷாட் காட்டுவது நாம் கட்டிய பணத்தை, தேய்ந்துகொண்டிருப்பதை அல்ல. வெளிக் கடையில் செய்த வேலையும் அதில் வராது. அதனால் மொத்தத் தொகையை விட்டுவிட்டு, ஒவ்வொரு பொருளின் விலையையும் அதன் ஆயுளால் வகுத்தேன்.

நாளுக்கு 50 என்றால் வருஷத்துக்கு 18,250 கிலோமீட்டர். ஆயில் சர்வீஸ் ஒன்றுக்கு 4,500, பத்தாயிரத்துக்கு ஒருமுறை என்றால் வருஷத்தில் 8,200. நாலு டயர் 24,000, ஆயுள் 40,000 கிலோமீட்டர் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 60 பைசா, வருஷத்துக்கு 10,950. பிரேக் பேட் 2,600, முப்பதாயிரத்துக்கு ஒருமுறை, வருஷத்துக்கு சுமார் 1,600. இவை மூன்றும் ஓட்டத்தோடு ஏறும்.

பேட்டரியும் பிரேக் ஆயிலும் வேறு ஜாதி. எவ்வளவு ஓட்டினாலும் காலம்தான் அவற்றைத் தின்னும். பேட்டரி 5,200, நம் வெயிலுக்கு மூன்று வருஷம் என்று பிடித்து 1,750. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், மீட்டரைப் பார்க்காமல் இரண்டு வருஷத்தில் மாற்ற வேண்டும், வருஷத்துக்கு 350. வைப்பர், ஃபில்டர், சில்லறை வேலைக்கு 1,500. கூட்டினால் 24,350, மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம். இன்சூரன்ஸ் இதில் இல்லை. ஸ்கிரீன்ஷாட் சொன்ன 9,300 எங்கே, இது எங்கே!

இதில் 40,000 என்ற டயர் ஆயுள் என் ஊகம்தான். என் டயர் 36,000 தாண்டி இருந்த நிலையைப் பார்த்துப் பிடித்தது. தக்கலை, அழகியமண்டபம் நெரிசலில் கிளட்ச் எப்படித் தேயும் என்பதற்கு எனக்கு இன்னும் ஒரு வருஷ அனுபவம் கூட இல்லை, அதனால் அதற்கு எதுவும் போடவில்லை. டீசல் வண்டிக்கு இந்தத் தொகைகளை எடுக்காதீர்கள். குளச்சல், மணவாளக்குறிச்சி போலக் கடலோரத்தில் நிறுத்துகிறவர்கள், உப்புக்காற்றுக்காக வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவும் செலவையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

ஆப் வழி ஒன்றுக்கும் ஆகாதது என்று சொல்லவில்லை. ஓட்டம் மாறாத வண்டிக்குத் தேதி பார்க்க அது போதும், வாரன்டி இருக்கும் வரை அந்தத் தேதியைத் தாண்டவும் கூடாது. செலவுக் கணக்குக்கு மட்டும் அதை நம்பாதீர்கள்.

நவம்பர் 12 என்று கணக்கு வந்தாலும் ஐப்பசி மழை வலுக்கும் முன்பே பிரேக்கைப் பார்த்துவிடலாம் என்று அக்டோபர் கடைசியில் வண்டியை விட்டேன். மீட்டர் 45,840. டயரையும் அப்போதே மாற்றியாயிற்று, மாதாமாதம் எடுத்து வைத்த பணத்தோடு கையிலிருந்தும் கொஞ்சம் போட வேண்டியிருந்தது.